புது வெர்ஷன் போட்டபின் ரெஃபர் 24லிருந்து 27 ஆனது: இது நிஜ மாற்றமா, வழக்கமான ஆட்டமா?

கோவை_டேட்டா

இருசக்கர வாகனக் கடன் கொடுக்கும் ஒரு நிதி நிறுவனத்தில் டேட்டா வேலை பார்க்கிறேன். டீலர் விண்ணப்பத்தை அனுப்பியதும் எங்கள் விதி எஞ்சின் மூன்றில் ஒரு தீர்ப்பைத் தரும். பாஸ் என்றால் கடன் நேரே ஓகே. ஃபெயில் என்றால் நிராகரிப்பு. ரெஃபர் என்றால் ஒரு அண்டர்ரைட்டர் கையில் எடுத்துப் பார்த்து முடிவு சொல்வார். ஒரு நாளைக்குச் சுமார் 400 விண்ணப்பங்கள், வாரத்தில் ஆறு நாள். தமிழ்நாட்டிலும் மகாராஷ்டிராவிலும் கிளைகள்.

ஆவணி முதல் வாரத்தில் புது வெர்ஷன் போட்டோம். அதில் இரண்டு மாற்றங்கள். பான், ஆதார் பெயர்களை ஒப்பிடும் பகுதி புதிது. கிரெடிட் பீரோவின் பதிலைப் படிக்கும் பகுதியையும் திருத்தி எழுதினோம். கடன் கொள்கையில் ஒரு வரிகூட மாறவில்லை.

முன்பு பாஸ் 62, ரெஃபர் 24, ஃபெயில் 14 சதவீதம். வெர்ஷன் மாறிய பின் மூன்று வாரங்களாகப் பாஸ் அதே 62, ரெஃபர் 27, ஃபெயில் 11. எங்கள் மேனேஜர், "பாஸ் அசையவே இல்லை, வியாபாரத்துக்குப் பாதிப்பில்லை, விடு" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. தினசரி வரைபடத்தைப் பார்த்தாலும் ஒன்றும் புலப்படவில்லை, ஒரு நாள் 21, மறுநாள் 29 என்று குதிக்கிறது. இதை எப்படிப் பார்ப்பது?

மாடல்காரன்

இரண்டு காலத்துப் பங்குகள் எவ்வளவு விலகியிருக்கின்றன என்று ஒரே எண்ணில் சொல்லும் பிஎஸ்ஐ இதற்குத்தான் இருக்கிறது. பழைய பங்கு, புதுப் பங்கு இரண்டையும் வைத்துப் போட்டுப் பார்த்தேன், 0.011 வருகிறது. 0.1க்குக் கீழே இருந்தால் மாற்றம் இல்லை, 0.25ஐத் தாண்டினால்தான் கவலைப்பட வேண்டும். ஸ்கோர் மாடல்களை இப்படித்தான் வருடக்கணக்காகக் கண்காணிக்கிறோம். உங்கள் மேனேஜர் சொல்வது சரி.

பழைய_ஃபவுண்ட்ரி

மாடல்காரன் போட்ட கணக்கு சரி. ஆனால் அதிலிருந்து எடுத்த முடிவு இங்கே பொருந்தாது. 0.1, 0.25 என்ற அளவுகோல் ஸ்கோரைப் பத்துப் பட்டைகளாகப் பிரித்துப் பார்க்கும் இடத்தில் பழக்கத்தில் வந்தது. எத்தனை விண்ணப்பங்களை வைத்துப் போட்டோம் என்பதையும் அது கண்டுகொள்ளாது. 100 விண்ணப்பங்களில் 3 புள்ளி நகர்ந்தாலும் 0.011தான், ஒரு லட்சத்தில் நகர்ந்தாலும் 0.011தான். முதலாவது வெறும் தற்செயலாக இருக்கலாம். இரண்டாவது அப்படி இருக்கவே முடியாது. அதோடு, 400இல் 3 சதவீதம் என்றால் அண்டர்ரைட்டர் மேசைக்குத் தினம் 12 ஃபைல் கூடுதலாகப் போகிறது. அங்கே உட்கார்ந்திருப்பவரிடம் போய் "மாற்றம் இல்லை" என்று சொல்லிப் பாருங்கள்.

நான் பதினைந்து வருடம் வார்ப்பட ஆலையில் தரக் கட்டுப்பாட்டில் இருந்தேன். அங்கேயும் மூன்று தீர்ப்புதான்: ஓகே, ரிஜெக்ட், ரீவொர்க். மணல் கலவையை மாற்றினால் முதலில் ரீவொர்க்தான் அசையும். புள்ளியியலாளர் ஷூஹார்ட் 1924இல் வரைந்துகாட்டிய, நடுக்கோடும் மேல், கீழ் எல்லைகளும் கொண்ட கட்டுப்பாட்டு வரைபடத்தைத்தான் நாங்களும் சுவரில் ஒட்டியிருந்தோம். உங்கள் விஷயத்துக்கும் அதுவே போதும். ஒரு பங்கு தற்செயலாக எவ்வளவு ஆடும் என்பதற்கு இந்தக் கணக்கு, p என்பது பங்கு, n என்பது விண்ணப்ப எண்ணிக்கை:

```
sigma = sqrt(p * (1 - p) / n)
n = 400  : sqrt(0.24 * 0.76 / 400)  = 0.0214
n = 2400 : sqrt(0.24 * 0.76 / 2400) = 0.0087
```

400 விண்ணப்பம் உள்ள ஒரு நாளில் மூன்று சிக்மா என்றால் 6.4 புள்ளி. அதாவது 17.6இலிருந்து 30.4 வரை எது வந்தாலும் சாதாரணம். உங்கள் 21, 29 எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. 3 புள்ளி நகர்வு இந்த இரைச்சலில் மூழ்கிப்போகும். தினசரி வரைபடத்தில் தெரியவில்லை என்பதற்குக் காரணம் இவ்வளவுதான். வாரமாகச் சேர்த்துப் பாருங்கள்.

ஆனால் வாரக் கணக்கில் வரும் 0.87 புள்ளியை அப்படியே நம்ப வேண்டாம். ஒவ்வொரு விண்ணப்பமும் தனித்தனி நாணயச் சுண்டல் என்று வைத்துக்கொண்டால்தான் அந்தச் சூத்திரம் செல்லும். நிஜத்தில் ஒரு டீலர் ஒரே மாதிரி ஆட்களைக் கூட்டமாக அனுப்புவார், சம்பள வாரத்தில் ஒரு ரகம், மாதக் கடைசியில் ஒரு ரகம். அதனால் உண்மையான ஆட்டம் சூத்திரத்தைவிடப் பெரிது. லேனி என்ற தரக் கட்டுப்பாட்டு நிபுணர் 2002இல் இதற்கென்றே ஒரு திருத்தம் எழுதினார். அதை முழுசாகப் படிக்க நேரமில்லை என்றால், மாற்றத்துக்கு முந்தைய 26 வாரங்களின் ரெஃபர் பங்கை எடுத்து, அது வாரத்துக்கு வாரம் நிஜமாக எவ்வளவு ஆடியது என்று அளந்து அதையே சிக்மாவாக வையுங்கள்.

இன்னொன்று. நீங்கள் எண்ணுவது விண்ணப்பத்தையா, தீர்ப்பையா? ரெஃபர் ஆனதை டீலர் திருத்தி மறுபடி அனுப்பினால் இரண்டு தீர்ப்பு விழும். முதல் தீர்ப்பை மட்டும், விண்ணப்பித்த தேதிப்படி எண்ணுங்கள்.

வண்டி_வேணும்

எனக்கும் ரெஃபர் என்று காட்டுகிறது. ஐந்து நாள் ஆகிவிட்டது, ஷோரூமில் கேட்டால் "சிஸ்டத்தில் இருக்கு சார்" என்கிறார்கள். எத்தனை நாளில் பாஸ் ஆகும்? பாஸ் சதவீதம் 62 என்றால் எனக்குக் கிடைக்க வாய்ப்பு 62 சதவீதமா?

அண்டர்ரைட்டர்_அக்கா

தம்பி, ரெஃபர் ஆனதற்கு அந்த 62 பொருந்தாது, அது நேரடியாகப் பாஸ் ஆனவர்களின் கணக்கு. உங்கள் ஃபைல் ஒரு ஆள் பார்வைக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான். டீலரிடம் கேட்காமல் கடன் கொடுக்கும் நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண்ணில் கூப்பிட்டு, எந்தக் காகிதம் பாக்கி என்று கேளுங்கள். இந்த இழை வேறு விஷயம்.

செவித்திறன்_மது

நான் ஆடியாலஜிஸ்ட். கடனைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனால் "ரெஃபர்" என்று பார்த்ததும் நின்றுவிட்டேன். பிறந்த குழந்தைகளுக்குக் காது கேட்கிறதா என்று பார்க்கும் கருவியும் பாஸ் அல்லது ரெஃபர் என்றுதான் காட்டும். ஃபெயில் என்ற சொல்லை வேண்டுமென்றே தவிர்ப்போம், தாய்மார்கள் பதறிவிடுவார்கள்.

ஒருமுறை எங்கள் வார்டில் புதுக் கருவி வந்தது, அந்த மாதமே ரெஃபர் எகிறியது. எல்லோரும் கருவியைத்தான் திட்டினோம். கம்பெனி ஆள் வந்து சோதித்தார், கருவியில் குறையே இல்லை. கடைசியில் பார்த்தால், அதே மாதம் சுகப்பிரசவத் தாய்மார்களைச் சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பத் தொடங்கியிருந்தார்கள். அதனால் குழந்தைகளைப் பிறந்த 24 மணி நேரத்துக்குள்ளேயே சோதிக்க வேண்டியிருந்தது. முதல் நாளில் காதுக் குழாயில் திரவமும் வெள்ளை மாவுப் படலமும் இருக்கும், நல்ல காதும் ரெஃபர் காட்டும். மாறியது கருவி மட்டுமல்ல, சோதனைக்கு வரும் குழந்தையின் வயதும்தான். பிறந்து எத்தனை மணி நேரம் என்று பிரித்துப் போட்டதும், ஒவ்வொரு பிரிவிலும் ரெஃபர் பழைய அளவிலேயே இருந்தது.

உங்களிடம் விண்ணப்பிக்கும் ஆட்கள் மாறவில்லை என்று உறுதியாகத் தெரியுமா?

கோவை_டேட்டா

மது மேடம், சரியான இடத்தில் கை வைத்தீர்கள். மாற்றத்துக்கு முந்தைய நான்கு வாரமும் ஆடி. ஆடியில் இங்கே புது வண்டி எடுப்பவர்கள் குறைவு, ஆவணி பிறந்ததும் கூட்டம் வரும். மகாராஷ்டிராவில் அதே சமயம் விநாயகர் சதுர்த்தி விற்பனை. நான் ஆடியை ஆவணியோடு ஒப்பிட்டுக்கொண்டு இருந்திருக்கிறேன்!

ஃபவுண்ட்ரி அண்ணா சொன்னபடி முதல் தீர்ப்பை மட்டும் எடுத்தேன், ஆடியைத் தள்ளிவிட்டு அதற்கு முந்தைய 26 வாரம் போட்டேன். நடுக்கோடு அப்போதும் 24தான். நிஜமான வார ஆட்டம் 1.3 புள்ளி, சூத்திரம் சொன்ன 0.87ஐவிட ஒன்றரை மடங்கு. மூன்று சிக்மா மேல் எல்லை 27.9. மாற்றத்துக்குப் பிந்தைய மூன்று வாரம் 26.8, 27.3, 26.9. ஒன்றுகூட எல்லையைத் தாண்டவில்லை. அப்படியானால் மேனேஜர் ஜெயித்துவிட்டாரா?

பழைய_ஃபவுண்ட்ரி

இல்லை தம்பி. தனிப் புள்ளி எல்லையைத் தாண்டுவது ஒரு அடையாளம் மட்டும்தான். இரண்டு சிக்மா கோட்டைப் பாருங்கள், 26.6இல் இருக்கிறது. அடுத்தடுத்த மூன்று புள்ளிகளில் இரண்டு ஒரே பக்கத்தில் அந்தக் கோட்டைத் தாண்டினாலே விசாரிக்க வேண்டும் என்பது வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் ஆலைக் காலத்து விதி. உங்களுக்கு மூன்றுமே தாண்டியிருக்கின்றன. மணி அடித்துவிட்டது.

ஆனால் ஏதோ மாறியது என்பதோடு இந்த வரைபடத்தின் வேலை முடிந்தது. மாறியது எஞ்சினா ஆட்களா என்பதை அது சொல்லாது, எத்தனை வாரம் காத்திருந்தாலும் சொல்லாது. அதற்கு ஒரே விண்ணப்பத்தை இரண்டு எஞ்சினிலும் ஓட்ட வேண்டும். மாற்றத்துக்கு முந்தைய 1000 விண்ணப்பங்களை எடுங்கள். அவை பழைய எஞ்சினில் என்ன தீர்ப்பு வாங்கின என்று உங்களிடம் இருக்கிறது. அதே உள்ளீட்டைப் புது எஞ்சினுக்குக் கொடுங்கள். ஆட்கள் அதே ஆட்கள், ஆடியும் ஆவணியும் இங்கே பேச முடியாது.

ஒரு எச்சரிக்கை: பீரோவில் புதிதாக ரிப்போர்ட் எடுத்து ஓட்டாதீர்கள். வாடிக்கையாளர் பெயரில் தேவையில்லாமல் ஒரு விசாரணை பதிவாகும், இடையில் அவர் ஸ்கோரும் மாறியிருக்கும், காசும் போகும். அன்றைக்கு வந்த மூலப் பதிலைச் சேமித்து வைத்திருந்தால் அதையே கொடுங்கள். சேமிக்கவில்லை என்றால் இந்த வழி அடைபட்டது. அப்போது இனி வரும் விண்ணப்பங்களில் பத்தில் ஒன்றைப் பழைய எஞ்சினிலேயே விட்டு, இரண்டையும் ஒரே வாரத்துக்குள் ஒப்பிட வேண்டியதுதான்.

முடிவை மூன்றுக்கு மூன்று கட்டமாகப் போடுங்கள். பங்கு என்பது வங்கி இருப்பு மாதிரி. மாசக் கடைசியில் இருப்பு அதே தொகை என்பதால் கணக்கில் வரவு செலவே நடக்கவில்லை என்று ஆகுமா?

கோவை_டேட்டா

நல்ல வேளை, மூலப் பதில்கள் இருந்தன. 1000 விண்ணப்பம் ஓட்டினேன். வரிசை பழைய தீர்ப்பு, நெடுக்கு புதுத் தீர்ப்பு:

```
          PASS  REFER  FAIL | OLD
PASS       581     36     3 | 620
REFER       38    197     5 | 240
FAIL         2     35   103 | 140
NEW        621    268   111 | 1000
```

கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாஸ் 620 இருந்தது 621 ஆகியிருக்கிறது, ஒரே ஒரு ஆள் வித்தியாசம். ஆனால் 36 பேர் பாஸிலிருந்து ரெஃபருக்குப் போயிருக்கிறார்கள், 38 பேர் ரெஃபரிலிருந்து பாஸுக்கு வந்திருக்கிறார்கள். மொத்தம் 119 பேருக்குத் தீர்ப்பு மாறியிருக்கிறது. "பாஸ் அசையவே இல்லை" என்ற வாக்கியம் கணக்குப்படி உண்மை, நடந்ததன்படி பொய்.

பிறகு வாரா வாரம் நிஜமாக வந்த விண்ணப்பங்களை மாநிலம் வாரியாகப் பிரித்தேன்:

```sql
SELECT date_trunc('week', applied_at) AS wk, state,
       count(*) AS n,
       avg((verdict = 'REFER')::int) AS refer_share
FROM first_verdict
GROUP BY 1, 2;
```

தமிழ்நாட்டில் ரெஃபர் 23லிருந்து 31 ஆகியிருக்கிறது. மகாராஷ்டிராவில் 25லிருந்து 22 ஆகக் குறைந்திருக்கிறது. ஒன்று ஏற, மற்றது இறங்க, மொத்தத்தில் வெறும் 3 புள்ளியாகத் தெரிந்திருக்கிறது. தமிழ்நாட்டை மட்டும் தனி வரைபடமாகப் போட்டிருந்தால் முதல் வாரமே எல்லையைத் தாண்டி நின்றிருக்கும்.

ஃபெயிலிலிருந்து ரெஃபருக்குப் போன 35 பேருக்குக் காரணம் கிடைத்தது. இதுவரை கடனே வாங்காதவர்களுக்கு பீரோ ஸ்கோருக்குப் பதில் -1 அனுப்பும். பழைய எஞ்சின் அதை ஒரு எண்ணாகவே எடுத்து, 650க்குக் கீழே என்று ஃபெயில் போட்டிருக்கிறது. புதியது "ஸ்கோர் இல்லை" என்று புரிந்துகொண்டு ரெஃபர் போடுகிறது. கொள்கை ஆவணத்தைத் திறந்து பார்த்தால் ரெஃபர் என்றுதான் எழுதியிருக்கிறது! அப்படியானால் இத்தனை காலம் நாங்கள் சரி என்று வைத்திருந்த 14 சதவீத ஃபெயிலே தப்பு.

பாஸ், ரெஃபர் இடையே இடம் மாறியவர்களுக்குக் காரணம் இன்னும் பிடிபடவில்லை. எல்லாம் பெயர் ஒப்பீட்டுக் காரணக் குறியீடு, அதுவரை தெரிகிறது.

அண்டர்ரைட்டர்_அக்கா

எனக்குப் பிடிபட்டுவிட்டது, மூன்று வாரமாக என் மேசைக்கு வருவதும் இதே ரகம்தான். (வேறு நிறுவனம், ஆனால் நோய் ஒன்றே.) நம் ஊர்க்காரர் ஆதாரில் "முருகன் எஸ்" என்று இருப்பார். பான் விண்ணப்பத்தில் இனிஷியலை விரித்து எழுதச் சொல்வார்கள், அதனால் அங்கே "முருகன் சுப்பிரமணியன்" ஆகிவிடுவார். "எஸ்" என்ற ஒற்றை எழுத்து அப்பா பெயரின் முதல் எழுத்து என்று தெரிந்த நிரல் அதைப் பொருத்தமாக எடுத்துக்கொள்ளும். தெரியாத நிரல் பாதிப் பெயர் பொருந்தவில்லை என்று ரெஃபர் போடும்.

மகாராஷ்டிராவில் இனிஷியல் தொல்லை குறைவு. அங்கே தன் பெயர், அப்பா பெயர், குடும்பப் பெயர் மூன்றையும் முழுசாக எழுதுவார்கள். ஒரு அட்டையில் "கணேஷ் விட்டல் பாட்டில்", இன்னொன்றில் "பாட்டில் கணேஷ் விட்டல்". வரிசை மாறினால் திணறும் நிரல் அதை ரெஃபர் செய்யும். உங்கள் புது ஒப்பீடு சொல் வரிசையைக் கண்டுகொள்ளாமல் விடுகிறது, ஒற்றை எழுத்துக்கு மதிப்பெண் குறைக்கிறது என்று நினைக்கிறேன். அந்த 36, 38 இரண்டையும் மாநிலம் பிரித்துப் பாருங்கள்.

கூடவே, ரெஃபர் ஆன ஃபைல்களில் எத்தனையை அண்டர்ரைட்டர் கடைசியில் ஓகே செய்கிறார் என்றும் பாருங்கள். என்னிடம் வரும் இனிஷியல் கேஸை ஒரு நிமிடத்தில் ஓகே செய்துவிடுவேன். ரெஃபரும் கூடி, அதில் ஓகே ஆகும் விகிதமும் கூடினால், எஞ்சின் தேவையில்லாமல் ஆளைக் கூப்பிடுகிறது என்று அர்த்தம்.

கோவை_டேட்டா

அக்கா, 36இல் 34 தமிழ்நாடு, 38இல் 33 மகாராஷ்டிரா. 34 பெயர்களையும் கண்ணால் படித்தேன், 31 இனிஷியல். பெயர் ஒப்பீட்டில் ஒற்றை எழுத்துக்குத் தனி விதி போடச் சொல்லி டிக்கெட் எழுதிவிட்டேன். ஓகே விகிதத்தை இப்போதே பார்க்க முடியவில்லை, கடைசி வார ரெஃபர்களில் பாதி இன்னும் முடியாமல் கிடக்கின்றன.

மாடல்காரன்

பிஎஸ்ஐயை நம்பி அவசரப்பட்டுவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மாநிலம், டீலர், வயது, வேலை என்று பிரித்துக்கொண்டே போனால் நூறு வரைபடம் வரும். வாரம் நூறு வரைபடத்தில் எங்காவது ஒரு மணி அடித்துக்கொண்டேதான் இருக்கும். மூன்றாவது வாரத்தில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எங்கள் இடத்தில் அப்படித்தான் ஆனது.

பழைய_ஃபவுண்ட்ரி

அது நியாயமான பயம். நான் நூறு போடச் சொல்லமாட்டேன். என்ன மாற்றம் செய்கிறோமோ அது யாரைத் தொடும் என்று முன்கூட்டியே யோசித்து, அந்தப் பிரிவுகளுக்கு மட்டும் போட வேண்டும். பெயர் ஒப்பீட்டைத் தொட்டால் மாநிலம். பீரோப் பதிலைத் தொட்டால் கடன் வரலாறு உள்ளவர், இல்லாதவர். ஆறேழு வரைபடத்தோடு முடியும். அதைவிட முக்கியம், அந்த 1000 விண்ணப்ப ஓட்டத்தை வெர்ஷன் போடும் முன்பே செய்திருக்க வேண்டும். இரண்டு மாற்றத்தையும் ஒரே நாளில் போட்டதும் தப்பு, அதைத் தம்பி இனி செய்யமாட்டார் என்று நினைக்கிறேன்.

மாடல்காரன்

சரி. ஆனால் நடுக்கோட்டை இனி எங்கே வைப்பது? -1 விஷயத்தில் புது எஞ்சின்தான் சரி, அதனால் வந்த 3 புள்ளிக்குமேலான ஏற்றம் நிரந்தரம். பெயர் விஷயத்தில் திருத்தம் வந்தால் சுமார் 3 புள்ளி இறங்கும். பழைய 24இலேயே வைத்தால் திருத்தம் வரும்வரை மணி அடித்துக்கொண்டே இருக்கும். இப்போதே 27க்கு ஏற்றினால் இனிஷியல் பிழையையும் சேர்த்து "சாதாரணம்" ஆக்கிவிடுவோம்.

பழைய_ஃபவுண்ட்ரி

காரணம் தெரிந்த நகர்வுக்கு மட்டும் கோட்டை நகர்த்துவேன். பழைய 26 வார விண்ணப்பங்களைத் திருத்திய எஞ்சினில் ஓட்டி, அதில் வரும் பங்கை நடுக்கோடாக வைக்கலாம்.

மாடல்காரன்

26 வாரத்து மூலப் பதில்களை யார் சேமித்து வைத்திருக்கப் போகிறார்கள்? எங்களிடம் 30 நாள்தான் இருக்கும்.

கோவை_டேட்டா

எங்களிடம் 90 நாள், அதிலும் நான்கு வாரம் ஆடி. இருப்பதை வைத்து ஒரு தற்காலிகக் கோடு போடுகிறேன். பெயர்த் திருத்தம் அடுத்த புதன் போகிறது, இந்த முறை முதலில் பழைய 1000 விண்ணப்பங்களில் ஓட்டிவிட்டு. மேனேஜரிடம் அந்த மூன்றுக்கு மூன்று கட்டத்தைக் காட்டினேன். முதலில் அவர் கேட்டது, ஃபெயிலிலிருந்து நேரே பாஸுக்குப் போன அந்த 2 பேர் யார் என்று. அதை நான் இன்னும் பார்க்கவே இல்லை.